கலங்கிய டேங்க், சோர்ந்துபோன மீன்: தண்ணீரா, நோயா, ஃபில்டரா?

மீன் வளர்க்கும் வாட்ஸ்அப் குரூப் எதிலாவது நீங்கள் இருந்தால் இந்த போட்டோவைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கஞ்சித் தண்ணி மாதிரி வெளுத்துப்போன டேங்க். உள்ளே நாலைந்து கோல்டு ஃபிஷ். ஒன்று மூலையில் ஒதுங்கி நிற்கும், ரெண்டு கீழே கல் மேல் உட்கார்ந்திருக்கும். போட்டோவுக்குக் கீழே, 'ப்ரோ, மீனெல்லாம் டல்லா இருக்கு, என்ன பண்றது?'

அடுத்த அஞ்சு நிமிஷத்தில் மூணு பதில் வந்துவிடும். 'மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு டேங்க்கைக் கழுவுங்க' என்பார் ஒருவர். 'இது ஃபங்கஸ், நீல மருந்து ஊத்துங்க' என்பார் இன்னொருவர். 'ஃபில்டர் பத்தல, பெருசா வாங்கு' என்பார் மூணாவது ஆள். மூணும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வாய்ப்பில்லை. தப்பான நேரத்தில் செய்தால், மூணில் ரெண்டு மீனைச் சீக்கிரம் கொல்லும்; மூணாவது காசை மட்டும் கரைக்கும். அதனால் எதையும் ஊற்றுவதற்கு முன்பு, வாங்குவதற்கு முன்பு, அந்த போட்டோ என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பார்ப்பதுதான் முதல் வேலை.

போட்டோவில் எதைப் பார்க்கணும்?

முதலில் கலங்கலின் நிறம். பச்சை என்றால் பாசி. வெயிலோ லைட்டோ அதிகம் விழுகிறது என்று அர்த்தம். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, மீன் பெரும்பாலும் ஜாலியாகத்தான் இருக்கும். டீத்தண்ணி நிறத்தில் இருந்து, அதே சமயம் தெளிவாகவும் இருந்தால், உள்ளே வைத்த மரக்கட்டையோ பாதாம் இலையோ சாயம் விடுகிறது. அதனாலும் பிரச்னை இல்லை.

கவலைப்பட வேண்டியது வெள்ளைக் கலங்கல். அதிலும் ரெண்டு வகை உண்டு. டேங்க்கில் தண்ணீர் நிரப்பின அன்றைக்கே கலங்கினால், அது சரியாகக் கழுவாத கல்லின் தூசி. மூணு, நாலு நாள் தெளிவாக இருந்துவிட்டு அப்புறம் பால் கலந்த மாதிரி வெளுத்தால், அது பாக்டீரியா பெருக்கம். இந்த ரெண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் டேங்க் தண்ணியை எடுத்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். தூசி என்றால் காலையில் அடியில் படிந்திருக்கும், மேலே தெளிந்திருக்கும். பாக்டீரியா என்றால் மறுநாளும் அப்படியே மங்கலாகத்தான் இருக்கும்.

அடுத்தது மீன் எங்கே நிற்கிறது என்பது. எல்லா மீனும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் மூச்சுத் திணறல். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், இல்லையென்றால் செவுள் புண்ணாகி இருக்கிற ஆக்சிஜனை எடுக்க முடியாமல் இருக்கலாம். துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு அடியில் கிடந்தால் அதற்குத் தண்ணி ஒத்துக்கவில்லை என்று அர்த்தம். இதில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் எண்ணிக்கை. ஒரே நாளில் எல்லா மீனும் சேர்ந்து டல்லானால் சந்தேகம் தண்ணி மேல்தான் போகணும். நோய் பெரும்பாலும் ஒரு மீனில் தொடங்கும், மற்றவை அப்போது நன்றாகவே நீந்திக்கொண்டிருக்கும்.

மூணாவது, நீர்மட்டம். போட்டோவில் தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி அசையாமல் இருக்கிறதா, சலசலக்கிறதா? அசையாமல் இருந்தால் ஃபில்டர் ஓடினாலும் காத்து சரியாக உள்ளே போகவில்லை.

இதற்கு மேல் போட்டோ பேசாது. விஷமான தண்ணிகூட பளிங்கு மாதிரி தெரியலாம். அதனால் போட்டோ அனுப்பினவரிடம் நாலு கேள்வி கேட்டே ஆகணும். டேங்க் வைத்து எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி? கடைசி மூணு நாளில் புதுசாக என்ன செய்தீர்கள்? கரன்ட் போனதா? பெரும்பாலும் பதில் மூணாவது கேள்வியில்தான் ஒளிந்திருக்கும்.

ஒரு வில்லிவாக்கம் டேங்க்

என் சித்தி பையன் அனுப்பிய போட்டோவையே எடுத்துக்கொள்வோம். ரெண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள டேங்க். கணக்குப்படி சுமார் 56 லிட்டர் பிடிக்கும். ஆனால் மேலே ரெண்டு இன்ச் காலி விட்டு, கீழே கல்லும் போட்டால் உள்ளே இருக்கிற தண்ணி சுமார் 40 லிட்டர்தான். அதில் அஞ்சு கோல்டு ஃபிஷ். ஞாயித்துக்கிழமை கொளத்தூருக்குப் போய் டேங்க், கல், ஃபில்டர், மீன் எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் கொண்டுவந்து, அன்றைக்குச் சாயங்காலமே செட் பண்ணியாச்சு. வியாழக்கிழமை காலையில் போட்டோ வருகிறது. தண்ணி பால் மாதிரி. ரெண்டு மீன் மேலே வாயைத் திறந்து மூடுகிறது, மூணு மீன் துடுப்பை மடக்கிக் கீழே. உடம்பில் புள்ளியோ புண்ணோ இல்லை.

"அண்ணா, கடையில கேட்டேன், மஞ்சள் மருந்து ஊத்தச் சொல்றாங்க. அம்மா மொத்தமா கழுவிடுன்னு சொல்றாங்க. எதைப் பண்ணட்டும்?"

"ரெண்டும் வேணாம். தீனி எத்தனை தடவை போடுற?"

"மூணு தடவை. கிட்ட போனாலே முன்னாடி வந்து நிக்குதுண்ணா, பசிக்குது போல."

"நேத்து ஏதாவது பண்ணினியா?"

"ஃபில்டர் ஸ்பாஞ்ச் அழுக்கா இருந்துச்சு. பைப்புல காட்டி நல்லா கழுவினேன்."

இவ்வளவு போதும். நாலு நாள் வயசுள்ள டேங்க், அதிகத் தீனி, கழுவின ஸ்பாஞ்ச், ஒரே நாளில் எல்லா மீனும் டல். இது நோய் இல்லை. இதற்குப் பெயர் அமோனியா.

(கோல்டு ஃபிஷ் கண்ணாடிக்கு முன்னாடி வந்து நிற்பது பசியால் மட்டும் இல்லை. ஆள் வந்தால் தீனி வரும் என்று அது பழகிக்கொள்கிறது. இப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்ட மீனும் வந்து நிற்கும்.)

அந்த நாலு நாளில் உள்ளே நடந்தது

மீன் சாப்பிடும் தீனியில் இருக்கும் புரதம், செவுள் வழியாக அமோனியாவாக வெளியே வருகிறது. சாப்பிடாமல் கல்லுக்குள் விழுந்த தீனியும் அழுகி அமோனியா ஆகிறது. ஓடைக்கும் குளத்துக்கும் இது பொருட்டே இல்லை. 40 லிட்டர் டப்பாவில் அதற்குப் போக வழி கிடையாது.

பழைய டேங்க்கில் இதைச் சமாளிக்க ஒரு கூட்டம் குடியிருக்கும். ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவுக்கு இருந்தால் மீனுக்குப் பெரிய தொந்தரவு இல்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாற்றினால் அதுவும் குறைந்துவிடும். இந்தப் பாக்டீரியா தண்ணியில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். மெதுவாக வளரும். புது டேங்க்கில் அந்தக் கூட்டம் முழுசாகக் குடியேற பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீனோ முதல் நாளே வந்துவிட்டது.

தண்ணியை வெளுக்க வைத்த பாக்டீரியா வேறு ரகம். அழுகிய தீனியைச் சாப்பிட்டு மளமளவென்று பெருகுகிறவை அவை. அவற்றால் மீனுக்கு நேரடியாக நோய் வராது, ஆனால் தண்ணியில் இருக்கிற ஆக்சிஜனை அவையும் பங்கு போடும். கலங்கல் என்பது வெளியே தெரிகிற அடையாளம்தான். கொல்வது கண்ணுக்குத் தெரியாத அமோனியா.

இதில் நம்ம ஊர் தண்ணிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அமோனியா தண்ணியில் ரெண்டு உருவில் இருக்கும். ஒன்று அவ்வளவாக விஷமில்லாதது, மற்றது செவுளை எரிக்கும் விஷம். எது எவ்வளவு என்பதைத் தண்ணியின் பி.எச்சும் சூடும் முடிவு செய்கின்றன. 28 டிகிரி சூட்டில் பி.எச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விஷ உருவில் இருக்கும். பி.எச் 8 ஆனால் அது கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். சென்னையில் பல வீடுகளின் போர் தண்ணி உப்பும் கடினமுமாக, பி.எச் 8 பக்கம்தான் இருக்கிறது. அதனால் வெளிநாட்டு வீடியோவில் ஒருவர் 'ஒரு பி.பி.எம் இருந்துச்சு, மீனுக்கு ஒண்ணும் ஆகல' என்று சொல்வதை நம்பி நாம் சும்மா இருக்க முடியாது. அவர் வீட்டுத் தண்ணி வேறு.

வியாழன் காலையிலிருந்து செய்தது

முதலில் டெஸ்ட். கடைகளில் சொட்டு மருந்து மாதிரி அமோனியா டெஸ்ட் கிட் கிடைக்கும். சின்னக் குழாயில் தண்ணி எடுத்து, சொல்லியிருக்கிற அளவு சொட்டு விட்டு, சொன்ன நிமிஷம் காத்திருந்து, வருகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிடணும். பல கிட்டுகளில் மஞ்சள் என்றால் அமோனியா இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. வில்லிவாக்கம் தண்ணி 2 பி.பி.எம் காட்டியது, பி.எச் 8. அமோனியா பூஜ்யமாக இருக்க வேண்டிய இடம் அது. கிட் உடனே கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். புது டேங்க், வெள்ளைக் கலங்கல், எல்லா மீனும் டல் என்றால் அமோனியா என்றே வைத்துக்கொண்டு தண்ணி மாற்றலாம். தப்பாக இருந்தாலும் நஷ்டமில்லை.

அடுத்து, பாதித் தண்ணி மாற்றம். கணக்கு ரொம்ப எளிது. 40 லிட்டரில் 20 லிட்டரை எடுத்துவிட்டு நல்ல தண்ணி ஊற்றினால் 2 பி.பி.எம் என்பது 1 ஆகும். சாயங்காலம் இன்னொரு தடவை 20 லிட்டர் மாற்றினால் 0.5. ஒரே அடியாக முழுசையும் கொட்டுவதைவிட இது நல்லது. சூடு, பி.எச் எல்லாம் திடீரென்று மாறாது, கல்லில் இப்போதுதான் ஒட்ட ஆரம்பித்த நல்ல பாக்டீரியாவும் பிழைக்கும். மொத்தமாகக் கழுவினால் தண்ணி ரெண்டு நாள் பளிச்சென்று இருக்கும், அப்புறம் திரும்பவும் முதல் நாள் கணக்குதான். 'வாராவாரம் கழுவுறேன், ஆனாலும் மீன் செத்துட்டே இருக்கு' என்று புலம்புகிறவர்கள் பலர் இந்த வட்டத்துக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊற்றுகிற தண்ணியிலும் கவனம் வேணும். மெட்ரோ தண்ணி என்றால் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு விட்டால் உடனே போகும், இல்லையென்றால் அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைக்கணும். போர் தண்ணியில் குளோரின் இல்லை. ஆனால் பூமிக்குள்ளிருந்து வருகிற தண்ணியில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதை ஏர் ஸ்டோன் போட்டு சில மணி நேரம் காத்து வாங்க விட்டு ஊற்றுவது நல்லது. மொட்டை மாடி டேங்க்கிலிருந்து மதியம் வருகிற தண்ணி வெந்நீராகவே இருக்கும், கையை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். 'சுத்தமா இருக்கட்டும்' என்று கேன் தண்ணியை மட்டுமே ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் உப்புச் சத்து ரொம்பக் குறைவு, பி.எச் நிலையாக நிற்காது. கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது உபகாரம் இல்லை.

தீனியை ரெண்டு நாள் நிறுத்தியாச்சு. இதைச் சொன்னால்தான் வீட்டில் எல்லோருக்கும் மனசு கேட்காது. நல்ல உடம்போடு இருக்கிற வளர்ந்த கோல்டு ஃபிஷ் சில நாள் சாப்பிடாமல் இருக்கும். தீனி போகாவிட்டால் அமோனியா வருவதும் குறையும். மருந்து எதுவும் தராத பலனை இந்தப் பட்டினி தரும், காசும் கிடையாது.

பிறகு ஃபில்டர். ஃபில்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் வாய் தண்ணிக்குள் ஆழத்தில் இருந்தது. ரெண்டு இன்ச் மேலே தூக்கி ஒட்டினதும் மேற்பரப்பு சலசலக்க ஆரம்பித்தது. மேலே வாய் பிளந்துகொண்டிருந்த ரெண்டு மீனும் அரை மணி நேரத்தில் கீழே இறங்கின. நம்ம ஊர் சூட்டில் இது முக்கியம். 20 டிகிரி தண்ணியில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். குளிர்த் தண்ணிக்குப் பழகிய கோல்டு ஃபிஷ்ஷுக்கு மே மாதம் சென்னை சும்மாவே கஷ்டம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மீன் செத்துக் கிடந்தது. செவுள் ஒருமுறை புண்ணானால் தண்ணி சரியானவுடனே ஆறிவிடாது, அதனால் முதல் ரெண்டு நாளில் இப்படி நடக்கலாம். சிகிச்சை தப்பு என்று நினைத்து அந்த நேரத்தில் மருந்துக்கு ஓடக் கூடாது. செத்த மீனை உடனே எடுத்துவிடணும், அதுவும் அழுகி அமோனியா ஆகும்.

அதன்பின் தினமும் காலையில் டெஸ்ட். 0.5க்கு மேல் போனால் பத்துப் பன்னிரண்டு லிட்டர் மாற்றம், இல்லையென்றால் கை வைக்கக் கூடாது. ரெண்டு மீனை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்தாயிற்று. உண்மையில் 40 லிட்டரில் வளர்ந்த கோல்டு ஃபிஷ் ரெண்டே அதிகம். பெரம்பூரில் டேங்க் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து, ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரின் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து புது ஃபில்டருக்குள் வைத்தோம். இதைவிட நல்ல குறுக்குவழி இல்லை. பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவில் சில வேலை செய்யும், சில செய்யாது. நோயில்லாத பழைய டேங்க்கின் அழுக்கு ஸ்பாஞ்ச்சில் அந்தக் கூட்டம் ஏற்கெனவே உயிரோடு குடியிருக்கிறது.

ஆறாவது நாள் கலங்கல் தானாகவே தெளிந்தது. எல்லோரும் ஏமாறுகிற நாள் இதுதான். தண்ணி பளிச்சென்று இருந்தது, அமோனியா இன்னும் 0.5. மூணாவது வாரம் அமோனியா பூஜ்யத்துக்கு வந்தது, ஆனால் நைட்ரைட் ஏறியது. நைட்ரைட் ரத்தத்தில் புகுந்தால் ஆக்சிஜனைச் சுமக்க விடாது. மீன் திரும்பவும் மேலே வந்து மூச்சு வாங்கும். அதற்கு லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில், மொத்தம் 40 கிராம் கல் உப்பைக் கரைத்து, ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். உப்பில் இருக்கும் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி இந்த உப்பைத் தாங்கும். செடி நட்ட டேங்க்கிலும், அடியில் மேயும் கோரிடோராஸ், லோச் போன்ற மீன்கள் இருக்கும் டேங்க்கிலும் யோசித்துத்தான் போடணும். உப்பு ஆவியாகாது, தண்ணி மாற்றும்போது எடுத்த தண்ணிக்கு ஏற்ற உப்பை மட்டும் திரும்பப் போட்டால் போதும். அஞ்சாவது வாரம் நைட்ரைட்டும் பூஜ்யம். இப்போது அங்கே ரெண்டே மீன்.

அப்போ நோய் எப்போ?

நோய்க்கு உடம்பில் அடையாளம் இருக்கும். உப்புக் கல்லைத் தூவின மாதிரி துடுப்பிலும் உடம்பிலும் வெள்ளைப் புள்ளி, கூடவே மீன் கல்லில் போய் உரசிக்கொள்வது என்றால் ஒயிட் ஸ்பாட். பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தால் பூஞ்சை, அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே காயம்பட்ட இடத்தில்தான் வரும். செதில்கள் பலாப்பழத் தோல் மாதிரி விரைத்து நின்று வயிறு உப்பினால் நிலைமை ரொம்பவே மோசம். இவை எதுவும் தண்ணியைக் கலக்காது. கலங்கலும் நோயும் ஒரே போட்டோவில் இருந்தால், மோசமான தண்ணியால் சோர்ந்த மீனைத்தான் நோய் பிடித்திருக்கும். அப்போதும் முதல் வைத்தியம் தண்ணிக்குத்தான்.

புள்ளி எல்லாமே நோய் இல்லை. தண்ணி மாற்றின உடனே எடுத்த போட்டோவில் மீன் மேல் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும். வளர்ந்த ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் வரிசையாக வெள்ளைப் பரு வரும். அது பருவத்தின் அடையாளம். அதற்கு மருந்து ஊற்றப்பட்ட மீன்கள் ஏராளம்.

நிஜமான ஒயிட் ஸ்பாட்டாகவே இருந்தாலும், கண்ணுக்குத் தெரிகிற புள்ளியை மருந்து தொடாது. அந்தப் பூச்சி மீனின் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. அது கீழே விழுந்து, பெருகி, குட்டிகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்து பிடிக்கும். ரெண்டாவது நாளே புள்ளி போய்விட்டது என்று நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வாரம் ரெண்டு மடங்காகத் திரும்பி வருவது இதனால்தான். மருந்துப் பாட்டிலில் போட்டிருக்கிற நாள் கணக்கை முடித்தே ஆகணும். இந்தப் பூச்சி டேங்க் முழுக்கப் பரவியிருக்கும் என்பதால் டேங்க்குக்கே வைத்தியம் தேவைப்படும்.

ஆனால் ஒரே ஒரு மீனுக்குப் புண் என்றால் 20 லிட்டர் பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு அதை மட்டும் தனியாக வைத்து மருந்து கொடுங்கள். மெத்திலீன் ப்ளூ என்கிற அந்த நீல மருந்தும், ஆன்டிபயாட்டிக்கும் ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடிக்கக்கூடியவை. அமோனியாவில் தவிக்கிற டேங்க்கில் அதை ஊற்றினால், தீயணைப்பு வண்டியின் டயரைப் பஞ்சர் பண்ணின கதைதான். போதாததற்கு சிலிக்கான் ஒட்டின ஓரமெல்லாம் நீலமாகிவிடும், கடைசி வரை போகாது.

ஃபில்டர் மேல் எப்போ சந்தேகப்படலாம்?

பெரிய ஃபில்டர் வாங்கினால் வெள்ளைக் கலங்கல் போகுமா என்றால், போகாது. அந்த பாக்டீரியா ஸ்பாஞ்சின் ஓட்டை வழியே சுலபமாகப் போய்வரும் அளவுக்குச் சின்னது. யு.வி லைட் வைத்த ஃபில்டர் கலங்கலைத் தெளிய வைக்கும்தான், ஆனால் அமோனியாவை ஒன்றும் செய்யாது. தெளிந்த விஷத்தில் மீன் நீந்தும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கருவி நிஜமாகவே குற்றவாளியாக இருக்கிற நேரமும் உண்டு. மாசக்கணக்கில் நன்றாக ஓடின டேங்க் திடீரென்று ஒரே ராத்திரியில் கலங்கி மீன் டல்லானால், முதலில் கரன்ட்டைப் பற்றிக் கேட்கணும். ராத்திரி கரன்ட் போனால் ஃபில்டருக்குள் தேங்கின தண்ணியில் ஆக்சிஜன் தீர்ந்து, நல்ல பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். மூடிய டப்பா மாதிரி இருக்கும் ஃபில்டர்களில் இது சீக்கிரம் நடக்கும். பல மணி நேரம் கழித்து கரன்ட் வந்ததும், அந்த நாற்றத் தண்ணியை ஃபில்டர் அப்படியே டேங்க்குக்குள் துப்பும். அதனால் நீண்ட நேரம் கரன்ட் இல்லாவிட்டால், ஸ்விட்சை அணைத்து வைத்து, கரன்ட் வந்தபின் ஃபில்டரைத் திறந்து மோந்து பாருங்கள். முட்டை அழுகின வாடை வந்தால் உள்ளே இருக்கிற தண்ணியைக் கொட்டி, ஸ்பாஞ்சை டேங்க் தண்ணி எடுத்த பக்கெட்டில் ரெண்டு தடவை பிழிந்துவிட்டுப் போடுங்கள். பைப்பில் காட்டிக் கழுவுவது எந்த நாளிலும் வேண்டாம். கரன்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப், மழைக்காலத்தில் பெரிய ஃபில்டரைவிட அதிகம் உதவும்.

இன்னொரு சந்தேகம் ஹீட்டர். கடையில் செட்டோடு சேர்த்துத் தந்திருப்பார்கள். சென்னையில் கோல்டு ஃபிஷ் டேங்க்குக்கு அது தேவையே இல்லை. அணையாமல் மாட்டிக்கொண்ட ஹீட்டர், கலங்கல் எதுவும் இல்லாமலே மீனைத் தவிக்க வைக்கும். கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தாலே சூடு தெரியும். ஆனால் ஹீட்டர் ஸ்விட்சில் இருக்கும்போது தண்ணிக்குள் கையை விடாதீர்கள்.

பழைய டேங்க் என்றால் அவசரம் வேண்டாம்

இதுவரை சொன்ன 'பாதித் தண்ணி மாற்று' ஒரே ஒரு இடத்தில் அப்படியே பொருந்தாது. ரெண்டு மூணு வருஷ டேங்க், பல மாசமாகத் தண்ணியே மாற்றவில்லை, குறைகிற தண்ணியை மட்டும் மேலே ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அப்படிப்பட்ட டேங்க்கில் பி.எச் மெல்ல மெல்ல இறங்கி 6 பக்கம் வந்திருக்கலாம். அந்த அளவில் நல்ல பாக்டீரியா மந்தமாகிவிடும், அமோனியா சேரும். ஆனால் பி.எச் குறைவு என்பதால் அது விஷமில்லாத உருவில் அமைதியாக இருக்கும். அதில் பி.எச் 8 உள்ள போர் தண்ணியை ஒரேயடியாகப் பாதி ஊற்றினால், அமைதியாக இருந்ததெல்லாம் சில நிமிஷத்தில் விஷமாக மாறும். 'நல்லாத்தான் இருந்துச்சு, தண்ணி மாத்தின அன்னைக்கே எல்லாம் செத்துப்போச்சு' என்கிற கதைகளில் சில இப்படி நடந்தவை.

அங்கே முதலில் டேங்க் தண்ணி, பைப் தண்ணி ரெண்டின் பி.எச்சையும் பாருங்கள். வித்தியாசம் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் வழக்கம்போல மாற்றலாம். அதற்கு மேல் இருந்தால் தீனியை நிறுத்தி, ஏர் ஸ்டோனை ஓடவிட்டு, ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணி மட்டும், அதையும் மெல்லிய டியூபில் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி விட்டு மாற்றுங்கள். 40 லிட்டர் டேங்க்குக்கு நாளைக்கு 4 லிட்டர். தினமும் பி.எச், அமோனியா ரெண்டையும் எழுதி வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் டேங்க்கின் பி.எச் பைப் தண்ணியை நெருங்கி வந்தபின், வழக்கமான அளவுக்குப் போகலாம்.